ஸ்கூல் பஸ்ல ஏறுற புள்ள மொகம் வாடியிருந்தா: டிரைவருங்களும் பெத்தவங்களும் அடிக்கடி கேக்குற கேள்விகள்

கோபி பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு 16 வருஷமா பஸ் ஓட்டுறேங்க. காலைல 7.10க்கு மொத ஸ்டாப், 8.35க்குள்ள கேட்டுக்குள்ள போயிடணும், நடுவுல 19 ஸ்டாப், இந்த வருஷம் 44 புள்ளைங்க. புதுசா வேலைக்கு வர்ற தம்பிங்களும் எங்க ரூட்டுல இருக்கற அம்மா அப்பாங்களும் திரும்பத் திரும்ப எங்கிட்ட கேக்கறத இங்க ஒரே எடத்துல எழுதி வெக்கிறேன்.

நாப்பது அம்பது புள்ளைங்க ஏறுதே, அதுல ஒண்ணு சரியில்லனு டிரைவருக்கு எப்படிண்ணா தெரியும்?

படிக்கட்டு எங்க இருக்குனு பாருங்க, அதுலயே பாதி பதில் இருக்கு. புள்ள எடது பக்கம் முன் கதவு வழியா ஏறும், நான் வலது பக்கம் ஸ்டீரிங்ல உக்காந்திருக்கேன், அதனால ஏறுற புள்ளையோட மொகம் நேரா எனக்குத்தான் தெரியும். கீழ நின்னு டாட்டா சொல்ற அம்மாவுக்கு அதோட முதுகுதான் தெரியும், தூக்கி விடற அட்டெண்டர் அக்காவுக்கு பேக்குதான் தெரியும். வீட்ல திட்டு வாங்குன புள்ளையா இருந்தாலும் சரி, ஸ்கூலுக்குப் போக பயப்படற புள்ளையா இருந்தாலும் சரி, அம்மா பாத்துட்டு இருக்கற வரைக்கும் மொகத்த இறுக்கி வெச்சிருக்கும், திரும்பி மொத படில கால் வெக்கிற நிமிஷம் அது அப்படியே கழண்டு விழுந்துரும். அந்த மூணு நாலு செகண்ட வேற யாரும் பாக்க முடியாதுங்க.

ஆனா சோகமான மொகத்த தேடாதீங்க, சில புள்ளைக்கு பொறப்புலயே உம்முனு தான் மொகம் இருக்கும், அது சந்தோஷமா இருக்கறப்பவும் அப்படித்தான். நான் பாக்கறது தினமும் இருக்கற ஒண்ணு இன்னைக்கு இல்லாம போச்சானுதான். ஒரு பையன் ஏறுறப்ப வாட்டர் பாட்டில மொதல்ல மேல வெச்சுட்டு அப்பறம்தான் கால் வெப்பான். ரெண்டாவது படிக்கிற ஒரு பாப்பா அவங்க ஆத்தாவுக்கு மூணு தடவ திரும்பித் திரும்பி டாட்டா காட்டிட்டுத்தான் உள்ள வரும். ஒருத்தன் எஞ்சின் மூடிய ஒரு தட்டு தட்டாம போக மாட்டான். ஜூன் மாசம் ஸ்கூல் தொறந்து மொத ரெண்டு மூணு வாரம் நான் இத பாத்துப் பாத்து மனசுல வெச்சுக்கறதுதான் வேலையே, ஆரம்பத்துல ட்ரிப் ஷீட்டுக்குப் பின்னாடி ஸ்டாப் வாரியா ஒரு வார்த்த எழுதிகூட வெச்சிருந்தேன், பாட்டில், டாட்டா, தட்டு அப்படினு. அது இருந்தாத்தான் பாப்பா ஒரு நாள் டாட்டா காட்டாம ஏறுனா டக்குனு தெரியும்.

ஒண்ணு மட்டும் கண்டிப்பா சொல்லிடறேன் தம்பி, இதெல்லாம் வண்டி நின்னு, நியூட்ரல் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்ததுக்கு அப்பறம்தான். ஓடிட்டு இருக்கறப்ப உள் கண்ணாடில புள்ளைங்க மொகத்த பாத்துட்டு இருந்தீங்கனா அது வேற மாதிரி முடிஞ்சிரும்.

தினமும் பேர் சொல்லி கூப்பிட்டே ஆகணுமா, சும்மா சிரிச்சா பத்தாதா?

பேர் சொல்லுங்க, அதும் தினமும் ஒரே வாக்கியமா சொல்லுங்க. நான் சொல்றது "வா கண்ணு, சாப்ட்டியா", பேர் முன்னாடி வரும், அவ்வளவுதான், 16 வருஷமா இதேதான். தினம் ஒரு மாதிரி பேசுனா புள்ளையும் தினம் ஒரு மாதிரி பதில் சொல்லும், அப்பறம் எது அதோட வழக்கம்னே நமக்கு தெரியாது. ஒரே கேள்வியா இருந்தா "தோச சாப்டேண்ணா"னு கத்திட்டு ஓடற புள்ள இன்னைக்கு வெறும் தலைய ஆட்டுனா அந்த வித்தியாசம் தனியா தெரியும். சாப்ட்டியானு கேக்கறதுல இன்னொரு நல்லதும் இருக்கு, காலைல சாப்பிடாம வர்ற புள்ள யாருனு நமக்கு ஒரு மாசத்துல தெரிஞ்சிரும், அது பல விஷயத்துக்கு ஆரம்பம்.

எட்டாவதுக்கு மேல போயிட்டா கண்ணு சாமினு கூப்பிட்டா கூச்சப்படுவாங்க, அவங்களுக்கு ஒரு தலையசைப்பு போதும்.

புள்ள அழுதுட்டே ஏறுது, உடனே என்ன பண்றது?

மொதல்ல ஒரு அர நிமிஷம் அந்த ஸ்டாப்ல கூடுதலா நில்லுங்க, பின்னாடி பைக்காரன் ஹார்ன் அடிச்சா அடிக்கட்டும். "ஏன் அழுவுற" அப்படினு கேக்காதீங்க, நாப்பது பேருக்கு முன்னாடி யாராலயும் அதுக்கு பதில் சொல்ல முடியாது, பெரிய மனுஷனாலயே முடியாது. கொரல தாழ்த்தி "எம் பின்னாடி சீட்ல உக்காந்துக்கறியா"னு மட்டும் கேளுங்க. புள்ள சரினு தலையாட்டுனா அட்டெண்டர் அக்காவ பக்கத்துல உக்கார சொல்லுங்க, வேணாம்னா அதோட சீட்டுக்கே போகட்டும், சில புள்ளைக்கு தன்னோட ஜன்னல் ஓரம்தான் நிம்மதி. எஞ்சின் மூடி மேல மட்டும் எக்காரணம் கொண்டும் உக்கார வெக்காதீங்க, பிரேக் அடிச்சா கண்ணாடில போய் மோதிரும்.

சாக்லேட் குடுத்து சமாதானம் பண்றது நம்ம ஆளுங்க நெறைய பேர் பண்றாங்க, நல்ல மனசுலதான் பண்றாங்க, ஆனா வேண்டாம். வீட்ல யார் என்ன குடுத்தாலும் வாங்காதனு சொல்லிக் குடுத்திருப்பாங்க, நம்மளே அத ஒடைக்கக் கூடாது. அக்கம்பக்கத்துல இருக்கற புள்ளைங்க "அண்ணா இவன் அழுவுறாண்ணா"னு கூவுவாங்க, "சரி சாமி பாத்துக்கறேன், நீ உக்காரு"னு முடிச்சிருங்க, அதுக்கு மேல ஒரு வார்த்தையும் பேச வேண்டாம்.

ஸ்கூல் வந்ததும் அந்தப் புள்ளைய கடைசியா எறக்குங்க, கூட்டம் போனப்பறம் அட்டெண்டர் அக்கா கைய புடிச்சு கிளாஸ் வரைக்கும் கூட்டிட்டு போய் மிஸ்ஸுகிட்ட "இன்னைக்கு அழுதுட்டே வந்துச்சுங்க மிஸ், காரணம் தெரியல" அப்படினு சொல்லணும். காரணம் தெரியலங்கறதையும் சேத்து சொல்லணும், நம்ம ஊகத்த சொல்லி விடக்கூடாது, "அம்மா அடிச்சிருப்பாங்க போல"னு ஒரு வார்த்த விட்டா அது சாயங்காலத்துக்குள்ள ஊர் பூரா சுத்திரும்.

சும்மா தூக்கக் கலக்கமா இல்ல நெஜமாவே ஏதோ பிரச்சனையானு எப்படி பிரிச்சு பாக்கறது?

அதோட ஃப்ரெண்டு ஏறுற ஸ்டாப் வரைக்கும் பொறுங்க. தூக்கம், ஹோம்வொர்க் எழுதல, ஷூவுக்குப் பாலிஷ் போடலனு திட்டு, இதெல்லாம் ஃப்ரெண்டு வந்து பக்கத்துல உக்காந்ததும் கரைஞ்சிரும், அடுத்த ஸ்பீட் பிரேக்கருக்குள்ள ரெண்டும் சிரிச்சுட்டு இருக்கும். ஃப்ரெண்டு வந்தும் ஜன்னல் பக்கமே திரும்பி இருந்தா, இல்ல ஃப்ரெண்டு பக்கத்துல உக்காராம வேற சீட்டுக்கு போயிட்டா, அத குறிச்சுக்கோங்க. ஒரு நாள்னா ஒண்ணும் இல்ல. தொடர்ந்து மூணு நாள் அதே மாதிரினா நான் மிஸ்ஸுகிட்ட சொல்லிருவேன். திங்கக்கெழமையும் பண்டிக லீவு முடிஞ்ச மறுநாளும் கணக்குல சேக்கறதில்ல, அன்னைக்கு பாதி பஸ்ஸே அப்படித்தான் வரும்.

மூணு நாள் பொறுக்கக் கூடாததும் இருக்கு. ஒடம்புல கன்னிப்போன தடம், நொண்டி நடக்கறது, ரெண்டு நாளா அதே கசங்குன யூனிஃபார்ம், எப்பவும் வராத ஒருத்தர் கொண்டு வந்து விட்டு புள்ள அவர்கிட்ட இருந்து கைய உருவிகிட்டு ஓடி ஏறுறது. இத அன்னைக்கே சொல்லிருங்க.

புள்ள பயப்படறது வீட்டுக்கா ஸ்கூலுக்கானு எப்படி தெரிஞ்சுக்கறது?

நம்மகிட்ட இருக்கற பெரிய வசதி என்னன்னா காலைலயும் நம்மதான் பாக்கறோம் சாயங்காலமும் நம்மதான் பாக்கறோம். காலைல ஏற கால் வராம, சாயங்காலம் துள்ளிக் குதிச்சு ஏறுனா ஸ்கூல்ல ஏதோ இருக்கு. காலைல ஓடி வந்து ஏறிட்டு, சாயங்காலம் தன் ஸ்டாப் வர்றப்ப பேக்க மெதுவா மாட்டி, எல்லாரும் எறங்குனப்பறம் கடைசியா எறங்குனா வீட்டுப் பக்கம் ஏதோ இருக்கு. இது முடிவு இல்லங்க, எந்தப் பக்கம் பாக்கணும்னு ஒரு கைகாட்டி அவ்வளவுதான். ரெண்டு நேரமும் ஏறவே மாட்டேங்குதுனா அது மூணாவது எடம், அத நான் கத்துக்க ரொம்ப நாளாச்சு, அடுத்த கேள்வில சொல்றேன்.

நீங்க நேர்ல பாத்த ஒண்ண சொல்லுங்களேண்ணா

மூணாவது படிச்ச ஒரு பையன். பால் சொசைட்டி ஸ்டாப்ல ஏறுவான், ரூட்டுல நாலாவது ஸ்டாப், அப்ப பஸ் காலியா இருக்கும், அதனால நேரா பின்னாடி கடைசி சீட்டுக்கு ஓடுவான், அங்க பள்ளத்துல எகிறும்ல, அது அவனுக்கு ஆட்டம். நான் சாப்ட்டியானு கேட்டா "ரெண்டு இட்லிண்ணா, மூணு இட்லிண்ணா"னு எண்ணிக்கையோட சொல்வான்.

ஆடி மாசம் முடியற சமயம், ஒரு நாள் வெறும் "ம்" சொன்னான். மறுநாளும் "ம்". மூணாவது நாள் அவன் பின்னாடி ஓடல, படி ஏறுனதும் கம்பிய புடிச்சுட்டு நின்னான், "அண்ணா இங்க உக்காந்துக்கட்டா"னு முன் சீட்ட காட்டுனான். அது எல்.கே.ஜி. புள்ளைங்க சீட்டு, நான் "அது குட்டிங்களுக்கு சாமி, உன் எடத்துக்கு போ"னு அனுப்பி வெச்சுட்டேன். அத நெனச்சா இன்னைக்கும் எனக்கு சங்கடமா இருக்கு, புள்ள தன்னால முடிஞ்ச அளவுக்கு எங்கிட்ட சொல்லிட்டான், நான் காதுல வாங்கல.

அந்த வாரமே அவங்க அம்மா ஸ்டாப்ல "காலைல வயித்து வலிங்கறான், ஒண்ணுமே சாப்புட மாட்டேங்கறான், ஸ்கூல்ல மிஸ் அடிக்கறாங்களானு தெரியலண்ணா" அப்படினு கேட்டாங்க. நான் அட்டெண்டர் அக்கா மூலமா மிஸ்ஸுகிட்ட கேட்டேன், அவங்க ஆச்சரியப்பட்டாங்க, கிளாஸ்ல நல்லா பேசறான், வெளையாடறான், மதியம் டிபன் டப்பாவ காலி பண்றான்னாங்க. வீட்லயும் சாயங்காலம் போனதும் பசி பசினு சாப்புடறானாம். அப்ப வீட்ல பிரச்சனை இல்ல, ஸ்கூல்லயும் இல்ல. ஆனா ரெண்டு நேரமும் படிக்கட்டுல வந்து நின்னு தயங்கறான், சாயங்காலம் வரிசைல கடைசி ஆளா நிக்கறான். அன்னைக்கு ராத்திரி படுத்துட்டு யோசிக்கறப்பதான் எனக்கு ஒறச்சுது, வீட்டுக்கும் ஸ்கூலுக்கும் நடுவுல மிச்சம் இருக்கறது என் பஸ்ஸுதான்.

மறுநாள் அக்காவ முன்னாடி நிக்காம கடைசி சீட்டுக்கு ரெண்டு வரிசை முன்னாடி போய் உக்கார சொன்னேன், எதையும் கேக்க வேண்டாம், காத மட்டும் கொடுங்கனு சொன்னேன். ரெண்டே நாள்ல தெரிஞ்சுது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி அவன் பின் சீட்ல வாந்தி எடுத்திருக்கான், ஒரு பெரிய பையனோட பேக்ல பட்டிருக்கு. அன்னைக்கு அக்கா லீவு, மாத்து ஆள் தொடச்சு விட்டுட்டு எங்கிட்ட சொல்லல. அதுல இருந்து ஏழாவது படிக்கிற மூணு பசங்க அவன வாந்தினு கூப்புட ஆரம்பிச்சிருக்காங்க, அவன் ஏறுனாலே மூக்க பொத்திக்கறது, பக்கத்துல உக்கார வந்தா பேக்க வெச்சு அடைக்கறது. அவன் என்ன பண்ணியிருக்கான்னா, காலைல சாப்புடலனா வாந்தி வராதுனு அவனே ஒரு வழி கண்டுபுடிச்சு பட்டினி கெடந்திருக்கான். வெறும் வயித்துல கொமட்டல் அதிகமாத்தான் ஆகும், எட்டு வயசு புள்ளைக்கு அது எப்படி தெரியும்.

பண்ணது இவ்வளவுதான். நான் அந்த பெரிய பசங்கள பஸ்ல வெச்சு ஒரு வார்த்தையும் திட்டல, திட்டியிருந்தா போட்டுக் குடுத்தவன்னு இன்னொரு பேரும் அவனுக்கு சேந்திருக்கும். மிஸ்ஸுகிட்ட தேதி, யார், என்ன சொன்னாங்கனு அக்கா காதால கேட்டத அப்படியே சொன்னோம், ஏழாவது கிளாஸ் சார் அந்த மூணு பேரையும் தனித்தனியா கூப்புட்டு பேசினாரு. சீட்ட மாத்துனேன், ஆனா அவன மட்டும் மாத்தாம பின்னாடி அஞ்சு வரிசைக்கும் புது சீட் லிஸ்ட் போட்டேன், அதனால அவனுக்காகனு யாருக்கும் தெரியல. அவனுக்கு முன்னாடி இருந்து மூணாவது வரிசை, ஜன்னல் ஓரம், ரோடு தெரியற மாதிரி. பின் சக்கரத்துக்கு அந்தாண்ட நீட்டிட்டு இருக்கற பாகம்தான் பஸ்லயே அதிகமா ஆடும், அங்க உக்காந்து குனிஞ்சு புக்க பாத்தா நல்லா இருக்கற ஆளுக்கே பொறட்டும். அவங்க அம்மாகிட்ட பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே ரெண்டு இட்லி குடுங்க, பால் அன்னைக்கு வேண்டாம்னு சொன்னேன். அக்கா கைல ரெண்டு கவரும் ஒரு துணியும் எப்பவும் இருக்கும், இப்ப மாத்து ஆள் வந்தாலும் எங்க இருக்குனு சொல்லித்தான் அனுப்பறோம்.

ஒரு பத்து நாள் ஆச்சு. அப்பறம் ஒரு வெள்ளிக்கெழம "ஒண்ணர இட்லிண்ணா"னான்.

புள்ள எங்கிட்ட ஒண்ணு சொல்லிட்டு யார்கிட்டயும் சொல்லாதீங்கண்ணானு கெஞ்சுது, என்ன பண்ணட்டும்?

சத்தியம் பண்ணிக் குடுக்காதீங்க. "உனக்கு ஒதவி பண்றவங்ககிட்ட மட்டும் சொல்லுவேன், வேற யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சொல்லுங்க, அது பொய் இல்ல, புள்ளைக்கும் புரியும். நோண்டி நோண்டி கேக்காதீங்க, எப்ப, எத்தன தடவ, அப்பறம் என்ன பண்ணாங்கனு நம்ம கேக்கறது நல்லது இல்ல, அதுக்கு பழகுன ஆளுங்க இருக்காங்க. புள்ள சொன்ன வார்த்தைய அதே வார்த்தைல அன்னைக்கே ஒரு பேப்பர்ல தேதி போட்டு எழுதி வெச்சுக்கோங்க, நம்ம பாஷைல மாத்தி எழுதாதீங்க.

யாராவது தொடக்கூடாத எடத்துல தொட்டாங்கனு புள்ள சொல்லுச்சுனா, இல்ல நமக்கே அப்படி பலமான சந்தேகம் வந்தா, 2012ல வந்த போக்சோ சட்டப்படி தெரிஞ்சவங்க போலீசுக்கு சொல்லியே ஆகணும், டிரைவர், வாத்தியார், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாருக்கும் இதுதான். தெரிஞ்சும் மறச்சா ஆறு மாசம் வரைக்கும் செயில், இல்ல ஃபைன், ரெண்டுமே கூட போடலாம். நல்லெண்ணத்துல சொன்னவங்க மேல கேஸ் வராதுனும் அதே சட்டத்துல இருக்கு, இது தெரியாமத்தான் நம்ம ஆளுங்க நமக்கு எதுக்கு வம்புனு ஒதுங்கிடறாங்க. பிரின்சிபால்கிட்ட சொல்லிட்டேன், என் வேலை முடிஞ்சுதுனு இருந்துடாதீங்க, 1098க்கு கூப்புடுங்க, கொழந்தைகளுக்கான நம்பர், காசு கெடையாது, ராத்திரி பகல் எப்ப வேணா எடுப்பாங்க.

பாவம் அழுவுதேனு தட்டிக் குடுக்கறது தப்பாண்ணா?

மனசு தப்பு இல்ல, ஆனா நான் செய்யறதில்ல. கைய நீட்டி ஹைஃபை வாங்கறதோட சரி, அதும் புள்ளையா அடிச்சா மட்டும். தூக்கறது, மடில வெக்கிறது, கன்னத்த கிள்றது எதுவும் டிரைவர் பண்ணக்கூடாது. தனியா ஒரு புள்ளகூட பஸ்ல இருக்கவும் கூடாது, கடைசி ஸ்டாப் புள்ள எறங்கற வரைக்கும் அட்டெண்டர் அக்கா வண்டில இருந்தே ஆகணும், "எங்க வீடு இங்கதானே, நான் எறங்கிக்கறேன் தம்பி"னு அவங்க கேட்டாலும் விடாதீங்க.

2012 ஜூலைல தாம்பரம் பக்கத்துல ஓடற ஸ்கூல் பஸ்ஸோட தரைல இருந்த ஓட்ட வழியா ஒரு சின்னப் புள்ள விழுந்து எறந்துது, அதுக்கப்பறம்தான் தமிழ்நாட்டுல ஸ்கூல் பஸ்ஸுக்குனு தனி விதிகள் வந்துச்சு, அட்டெண்டர் கட்டாயம்ங்கறது அதுல இருக்கு. மே மாச இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் ஒருத்தர நிக்க வெக்கிற வேலையெல்லாம் பண்ணாதீங்க.

பேரண்ட்ஸ் வாட்ஸப் குரூப்ல போட்டா சீக்கிரம் தெரிஞ்சிரும்ல?

வேண்டாங்க. "இன்னைக்கு பாப்பா அழுதுட்டே வந்துச்சு, யாருக்காவது காரணம் தெரியுமா"னு நல்லெண்ணத்துல போட்டாலும் நாப்பது வீட்ல அத பத்தி பேச்சு நடக்கும், அந்தப் பேச்ச கேட்ட புள்ளைங்க மறுநாள் பஸ்ல அந்தப் பாப்பாவையே கேப்பாங்க. ஃபோட்டோ எடுக்கறது அதவிட மோசம். மிஸ், இல்ல பிரின்சிபால், வீட்டுக்குத் தெரியணும்னு அவங்க முடிவு பண்ணா அவங்க கூப்பிட்டு பேசட்டும். நம்ம ஸ்டாப்ல வெச்சு அம்மாகிட்ட சொல்றதா இருந்தா பக்கத்துல வேற அம்மாங்க இல்லாத நாளா பாத்து, "ரெண்டு நாளா பேச்சு கம்மியா இருக்குதுங்க, ஒரு வார்த்த பாத்துக்கோங்க" அவ்வளவு போதும். வீட்டுப் பக்கமே சந்தேகம்னா அங்க சொல்லாதீங்க, மிஸ்ஸுகிட்டதான் சொல்லணும், இல்லனா அடி அந்தப் புள்ளைக்குத்தான் விழும்.

நாங்க பெத்தவங்க டிரைவர் அண்ணாகிட்ட என்ன சொல்லி வெக்கணும்?

காரணம் முழுசா சொல்ல வேண்டியதில்ல, ரெண்டு வார்த்த போதும். தாத்தா தவறிட்டாரு, வீட்ல ஒருத்தர் ஆஸ்பத்திரில இருக்காங்க, அப்பா வெளியூர் போயிட்டாரு, நாய் செத்துப் போச்சு. நாய் செத்தது பெரியவங்களுக்கு சின்ன விஷயமா இருக்கும், ஒரு பாப்பா அதுக்கு ஒரு வாரம் பேசாம வந்துச்சு, அவங்க அம்மா மொத நாளே சொன்னதால நாங்க வேற எதுவும் தேடி அலையாம அத சும்மா விட்டோம், சாப்ட்டியானு மட்டும் கேட்டோம்.

புள்ளைய கூட்டிட்டு போக வேற ஆள் வர்றாங்கனா காலைலயே சொல்லிருங்க, அவங்க யாருனு ஸ்கூல்லயும் சொல்லிருங்க. அப்பறம் ஒரு வேண்டுகோள், பஸ் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி ஸ்டாப்ல வெச்சு புள்ளைய திட்டாதீங்க. கணக்குல மார்க் கம்மினா அத ராத்திரியே பேசி முடிச்சிருங்க, அந்தத் திட்ட புள்ள நாள் பூரா தூக்கிட்டு திரியும், நான் படிக்கட்டுல பாக்கறேன்.

பத்தாவது பன்னெண்டாவது படிக்கறவங்க வாயே தொறக்க மாட்டாங்களே, அவங்கள எப்படி கண்டுபுடிக்கறது?

அவங்க பேச்ச வெச்சு எதுவும் தெரியாது, எடத்த வெச்சுத்தான் தெரியும். அந்த வயசுல கூட்டமாத்தான் உக்காருவாங்க, கூட்டத்துல இருந்து ஒருத்தர் திடீர்னு பிரிஞ்சு தனி சீட்டுக்கு வந்துட்டா நான் கவனிப்பேன். காலைல எதுவும் கேக்க மாட்டேன். சாயங்காலம் எறங்கறப்ப, கூட்டம் எறங்குனப்பறம், "என்ன சாமி, பரீட்ச ரொம்ப நெருக்குதா"னு ஒரே கேள்வி, பதில் சொல்லலனாலும் பரவால்ல, கேட்டாங்கனு அவங்களுக்கு தெரிஞ்சா போதும், சில பேர் ரெண்டு நாள் கழிச்சு தானா வந்து சொல்லுவாங்க.

"இருந்து என்ன ஆகப்போகுது"னோ "இனிமே நான் வர மாட்டேண்ணா"னோ ஒரு வார்த்த விழுந்துச்சுனா, இல்ல தனக்குப் புடிச்ச பொருள எடுத்து ஃப்ரெண்டுக்கு குடுத்துட்டு போறத பாத்தா, அத வெளையாட்டா எடுக்காதீங்க. வண்டிய ஷெட்டுல விடறதுக்கு முன்னாடியே பிரின்சிபாலுக்கு ஃபோன் போடுங்க, அவங்க மூலமா வீட்டுக்கு அன்னைக்கு ராத்திரிக்குள்ள தெரியணும். டெலி மானஸ்னு 14416 நம்பர் இருக்கு, மனநல ஆலோசனைக்கு, தமிழ்லயே பேசுவாங்க, அந்தப் பையனும் கூப்புடலாம், என்ன செய்யறதுனு தெரியாம நிக்கற நம்மளும் கூப்புடலாம்.

நீங்க லீவு போட்டு ஆக்டிங் டிரைவர் வந்தா இதெல்லாம் யார் பாப்பாங்க?

ஒரு நாளைக்கு வர்ற தம்பிகிட்ட 44 புள்ளையோட வழக்கத்த சொல்ல முடியாது, சொன்னாலும் மண்டைல நிக்காது. அதனால நான் ரெண்டு மூணு மட்டும் சொல்லி விடுவேன், இந்த ஸ்டாப்ல ஒரு புள்ளைக்கு பஸ் ஒத்துக்காது, மூணாவது வரிசைல உக்கார வெய்யுங்க, அந்த ஸ்டாப்ல ஒரு பாப்பாவுக்கு புது ஆள பாத்தா பயம், அக்கா கீழ எறங்கி கூட்டிட்டு வரட்டும். என்ன பிரச்சனைங்கறத சொல்றதில்ல, என்ன செய்யணும்ங்கறத மட்டும்தான். மிச்சத்த அட்டெண்டர் அக்கா பாத்துக்குவாங்க, அன்னைக்கு மட்டும் அவங்க கீழ எறங்கி புள்ளைய தூக்கி விட்டதும் ஒரு தடவ மேல ஏறி மொகத்தையும் பாத்துக்கணும்னு எங்களுக்குள்ள பேச்சு. சாயங்காலம் ஒரு ஃபோன் வரும் எனக்கு, "எல்லாம் சரிங்க தம்பி, பால் சொசைட்டி பையன் மட்டும் நீங்க எங்கனு கேட்டான்".